விழா முடிந்தது, கணக்கு எங்கே?

மும்பையின் குடிசைப் பகுதிகளிலும் பழைய ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளிலும், சிறு கோயில்களின் திருவிழாக்கள் பெரும்பாலும் உழைப்பாளர் தரும் சிறு தொகைகளால்தான் நடைபெறுகின்றன. கையில் ரசீதுப் புத்தகத்துடன் விழாக் குழுவினர் வீடு வீடாகவும் கடை கடையாகவும் செல்கின்றனர். விழா முடிந்த பின் கணக்கைக் கேட்டால், "சாமி காசுக்குக் கணக்கு கேட்பதா?" என்ற மறுமொழி வருகிறது. கொடுத்தவர் பக்தரா அல்லரா என்பது இங்கு வினாவன்று. பலரிடமிருந்து திரட்டிய பணம் பொதுப்பணம். அதற்குக் கணக்கு உண்டு.

சட்டமும் இதையே கூறுகிறது. மராட்டிய மாநிலத்தின் 1950ஆம் ஆண்டு பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41சி பிரிவு, பதிவு பெறாத குழுக்கள் சமயப் பணிக்கோ அறப்பணிக்கோ பொதுமக்களிடம் நிதி திரட்டுவதை அறக்கட்டளை ஆணையரின் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. ஆனால் அலுவலகத்தின் கோப்புக்குள் அடங்கிய கணக்கால் நூறு ரூபாய் கொடுத்த காய்கறிக்காரருக்குப் பயனில்லை. அவர் கண்ணில் படும்படி, அவருக்குப் புரியும்படி ஒரு பக்க அறிக்கை வேண்டும்.

அந்த அறிக்கை எங்கிருந்து தொடங்க வேண்டும்? வழக்கமாகச் செலவுப் பட்டியலில்தான் தொடங்குகிறார்கள். பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு என்று வாசிக்கிறார்கள், கூட்டமும் தலையசைக்கிறது. ஆனால் செலவுக்குப் பில் இருக்கும், அதைச் சரிபார்க்கலாம். வரவில் எழுதப்படாமலே போன பணத்துக்குச் சுவடே இராது. ஆகவே அறிக்கையின் முதல் வரி, எத்தனை ரசீதுகள் அச்சிடப்பட்டன, அவை என்னவாயின என்பதாகவே இருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை அமைத்துப் பார்ப்போம். ஐம்பது தாள் கொண்ட எட்டுப் புத்தகங்களை ஒரு குழு அச்சிடுகிறது. மொத்தம் 400 ரசீதுகள். திரும்பி வந்தவை ஏழு புத்தகங்கள். அவற்றில் வழங்கியவை 318, ரத்தானவை 6, வெற்றுத் தாள்கள் 26, ஆக 350. மீதி ஐம்பது எங்கே? 301 முதல் 350 வரையுள்ள புத்தகம் திரும்பவில்லை. இதை மறைக்காமல் எழுதி ஒட்டினால், அந்த எண்ணுள்ள ரசீதை வைத்திருப்பவர்களே முன்வந்து சொல்வார்கள்; எவ்வளவு வசூலானது என்பது தெரிந்துவிடும்.

இனி பணம்:

ரசீது வசூல் – ரூ. 1,72,500
உண்டியல் – ரூ. 14,300
பிரசாத ஏலத்தில் கைக்கு வந்தது – ரூ. 15,000
சென்ற ஆண்டு இருப்பு – ரூ. 9,200
மொத்த வரவு – ரூ. 2,11,000

பந்தல், விளக்கு – ரூ. 62,000
அன்னதானம் – ரூ. 54,000
மேளம் – ரூ. 38,500
பூசைச் செலவு – ரூ. 21,500
அனுமதி, மின்சாரம் – ரூ. 11,000
அச்சு, துப்புரவு – ரூ. 6,500
மொத்தச் செலவு – ரூ. 1,93,500

கையிருப்பு – ரூ. 17,500

இத்துடன் நின்றால் கணக்கு பாதி உண்மைதான். பந்தல்காரருக்கு இன்னும் 12,000 ரூபாய் தர வேண்டியிருக்கிறது. ஏலம் எடுத்தவர் 21,000 ரூபாய்க்குக் கேட்டு, 6,000 ரூபாயை நிலுவையில் வைத்திருக்கிறார். ஆகவே கையிருப்பில் குழு தனதென்று சொல்லக்கூடியது 5,500 ரூபாய் மட்டுமே. கொடுக்க வேண்டியது, வர வேண்டியது என்னும் இரு வரிகள் இல்லாத அறிக்கை, பந்தல் தொழிலாளியின் கூலியை உபரி எனக் காட்டிவிடும்.

உபயமாக வந்த அரிசியையும் எண்ணெயையும் அளவோடு தனியே எழுத வேண்டும். ஐந்து மூட்டை அரிசி உபயமாக வந்திருக்க, அன்னதானச் செலவில் முழு அரிசிக்கும் பில் இருந்தால், அந்த ஒரு வரியே ஐயத்தைக் காட்டிக்கொடுக்கும். அதுபோல, வசூலித்த பணம் முழுவதும் முதலில் வங்கிக்குச் செல்ல வேண்டும். செலவு அங்கிருந்து வர வேண்டும். வசூல் பையிலிருந்தே மேளக்காரருக்குக் கொடுத்துவிட்டு மீதியை ஒப்படைக்கும் வழக்கத்தில், வரவும் செலவும் ஒருங்கே மறைந்துபோகின்றன. இதில் நேர்மையானவர்மீதும் பழி விழுகிறது.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. நன்கொடையாளர் பெயரையும் தொகையையும் பலகையில் எழுதுவது வெளிப்படைத்தன்மை ஆகாது. அது கடைக்காரரின் பெருமைக்கு விளம்பரமாகவும், ஐம்பது ரூபாய் கொடுத்த வீட்டுவேலைப் பெண்ணுக்கு அவமானமாகவும், அடுத்த ஆண்டு கட்டாய வசூலுக்குக் கருவியாகவும் மாறுகிறது. ரசீது எண்ணையும் தொகையையும் மட்டும் எழுதினால் போதும். தம் எண்ணுக்கு நேரே தாம் கொடுத்த தொகை சரியாக இருக்கிறதா என்பதை அவரவர் பார்த்துக்கொள்வர். அடிக்கட்டையில் நூறு, கொடுத்தவர் ரசீதில் ஐந்நூறு என்னும் மோசடி அங்கேயே பிடிபடும்.

எனவே விழா முடிந்த இரு வாரங்களுக்குள் இந்த ஒரு பக்கத்தைக் கோயில் சுவரில் ஒட்ட வேண்டும். குழுவில் இல்லாத இருவர் அடிக்கட்டைகளோடு ஒத்துப்பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவ்விருவரில் ஒருவரேனும் சிறுதொகை கொடுத்தவராக இருக்கட்டும். அடுத்த ஆண்டு ரசீதுப் புத்தகத்துடன் வருவோரிடம், சென்ற ஆண்டின் அந்தப் பக்கத்தைக் காட்டும்படி கேட்பது கொடுப்பவரின் உரிமை.