கணக்குத் தெரியாமல் கையெழுத்து போடாதீங்க!



துபாய், ஷார்ஜா, அபுதாபி என்று அமீரகத்தில் கம்பெனி வேலை பார்க்கும் நம்ம தம்பிகள் ஊர் திரும்பும்போது வாங்குவது பணிக்கொடை. முதலாளி மனமிரங்கித் தரும் அன்பளிப்பு இல்லை அது. 2021-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை.

கணக்கு எளிது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தை 30-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம். முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் சம்பளம். அதற்குமேல் ஒவ்வொரு வருஷத்துக்கும் 30 நாள்.

ஒரு தம்பி எட்டு வருஷம் முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் சம்பளம் 2000 திர்ஹாம். அதில் அடிப்படை 1200தான். மீதி தங்குமிடப்படி, சாப்பாட்டுப்படி. ஒரு நாளுக்கு 40 திர்ஹாம். முதல் ஐந்து வருஷத்துக்கு 105 நாள், 4200. அடுத்த மூன்று வருஷத்துக்கு 90 நாள், 3600. ஆக 7800 திர்ஹாம்.

எங்கே ஏமாற்றுகிறார்கள்? எட்டு வருஷத்துக்கும் 21 நாளே போட்டால் 6720தான் வரும், 1080 போச்சு. சேர்ந்தபோது இருந்த 900 திர்ஹாம் அடிப்படையில் போட்டால் 5850தான். "நீயாத்தானே ராஜினாமா பண்ணினே" என்று குறைப்பதும் செல்லாது. அது பழைய சட்டம், 2022 பிப்ரவரியோடு போய்விட்டது.

சில விஷயம் நாமும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வருஷம் முடிக்காதவருக்குப் பணிக்கொடை கிடையாது. முடித்தவருக்கு மிச்ச மாதங்களுக்கும் விகிதப்படி உண்டு. சம்பளமில்லா விடுப்பு நாட்கள் கழியும். வீட்டு வேலைக்குப் போனவர்களுக்குத் தனிச் சட்டம், இந்தக் கணக்கு பொருந்தாது.

ஒப்பந்தம் முடிந்த 14 நாளுக்குள் பாக்கி முழுவதும் தர வேண்டும். பணம் வராமலே "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்ற அரபுத் தாளில் கையெழுத்து போட்டுடாதீங்க. கணக்கு இடித்தால், விமானம் ஏறும் முன்பே அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுங்க. ஊர் வந்தபின் போராடுவது ரொம்பக் கஷ்டம்.

ஆனால் உண்மையான இழப்பு கடைசி நாளில் நடப்பதில்லை. முதல் நாளில் நடக்கிறது. அதே 2000 சம்பளத்தில் அடிப்படை 1600 என்று எழுதியிருந்தால் அந்தத் தம்பி 10,400 வாங்கியிருப்பார். ஏஜென்ட் 'சம்பளம் 2000' என்று மட்டும் சொல்லி அனுப்பியதால் 2600 திர்ஹாம் போயிற்று.

அதனால்தான் கேட்கிறோம்: வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஒவ்வொரு ஏஜென்ட்டும் அடிப்படை எவ்வளவு, படி எவ்வளவு என்று தமிழில் எழுதித் தரவேண்டும் என அரசு கட்டாயமாக்கட்டும்.

உங்க வீட்டிலிருந்து யாராவது போகிறார்களா? இன்றைக்கே கேளுங்க: "அடிப்படை எவ்வளவு?"