மருந்து போன பிறகு நொதி எப்படித் திரும்புகிறது?

மாரடைப்பு வந்து தேறிய ஒருவர். வயது அறுபதைத் தாண்டியவர். தினமும் காலையில் ஆஸ்பிரின் 75 மி.கி. எடுத்துக்கொள்கிறார். முழங்கால் வலிக்காக மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கிய இபுப்ரோஃபென் 400 மி.கி.யையும் நாளுக்கு மூன்று வேளை போட்டுக்கொள்கிறார். காலை எழுந்ததும் வலி தாங்காமல் முதலில் இபுப்ரோஃபென், பிறகு சிற்றுண்டி முடித்து ஆஸ்பிரின். இரண்டும் இரைப்பையைப் புண்ணாக்கும் என்று நாம் அவரை எச்சரிப்போம். ஆனால் அவருடைய ஆஸ்பிரின் ஏறக்குறைய வேலையே செய்யவில்லை என்பதை நம்மில் எத்தனை பேர் அந்த மருந்துச் சீட்டைப் பார்த்த கணத்தில் உணர்வோம்?

இந்த இதழின் கருப்பொருள் நொதித் தடுப்பான்கள். போட்டித் தடுப்பு, மீளாத் தடுப்பு, தற்கொலைத் தடுப்பு என்று கல்லூரியில் வகை பிரித்துப் படித்தோம். வகையின் பெயர் தேர்வுக்கு உதவியது. நோயாளியின் அருகில் நிற்கும்போது உதவுவது வேறொரு கேள்வி: மருந்து இரத்தத்தை விட்டுப் போன பிறகு, தடைபட்ட நொதி எந்த வழியாகத் திரும்பி வருகிறது? ஆஸ்பிரின், கேப்டோப்ரில், மெத்தோட்ரெக்ஸேட் மூன்றும் இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன. அதில் ஆஸ்பிரின் சொல்லும் பதிலைத்தான் நாம் அதிகம் கவனிக்காமல் விடுகிறோம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

காக்ஸ்-1 நொதியின் வினைத்தளம் ஒரு குறுகலான நீண்ட குழாயின் உள்ளே இருக்கிறது. அராக்கிடோனிக் அமிலம் அந்தக் குழாய் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். குழாயின் வாய்ப்பக்கம் 120-ஆம் இடத்தில் ஓர் ஆர்ஜினின். அதைத் தாண்டி உள்ளே, வழக்கமான எண்ணிக்கையில் 530-ஆம் இடத்தில், ஒரு செரின். ஆஸ்பிரின் உள்ளே நுழைந்து தன் அசிடைல் தொகுதியை அந்தச் செரின்மேல் ஏற்றிவிட்டு, சாலிசிலேட்டாக வெளியேறுகிறது. அசிடைல் ஏறிய செரின் வழியை அடைத்துக்கொள்ள, அராக்கிடோனிக் அமிலம் வினைத்தளத்தைச் சேர முடியாமல் போகிறது. ஆஸ்பிரினின் அழற்சி எதிர்ப்பு வேலை புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுப்பதால் வருகிறது என்று ஜான் வேன் 1971-இல் காட்டினார். இந்த அசிடைலேற்றத்தை 1975-இல் ராத், மஜெரஸ் குழுவினர் காட்டினார்கள்.

ஆஸ்பிரின் பிளாஸ்மாவில் தங்குவது மிகக் கொஞ்ச நேரம். அதன் அரை ஆயுள் 15 முதல் 20 நிமிடம். ஆனாலும் தினம் ஒரு மாத்திரை போதுமானதாக இருக்கிறது. காரணம் தட்டணுவிடம் இருக்கிறது. அதற்கு உட்கரு கிடையாது. கெட்டுப்போன காக்ஸ்-1-க்குப் பதிலாக வேறொன்றைத் தேவையான அளவு செய்துகொள்ள முடியாது. தன் 8 முதல் 10 நாள் வாழ்நாள் முழுவதும் அது தடைபட்டே இருக்கும். எலும்பு மஜ்ஜை நாளுக்குச் சுமார் 10 விழுக்காடு புதுத் தட்டணுக்களை அனுப்புகிறது. மறுநாள் மாத்திரை அவற்றைப் பிடிக்கிறது. இரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்லுக்கு உட்கரு உண்டு என்பதால் அது சில மணி நேரத்தில் புது நொதி செய்துகொள்கிறது. குறைந்த அளவு ஆஸ்பிரின் தட்டணுவை மட்டும் குறிவைப்பதுபோல் நடந்துகொள்வதற்கு இந்த வேறுபாடு ஒரு பெரிய காரணம்.

இப்போது இபுப்ரோஃபெனுக்கு வருவோம். அதுவும் அதே குழாயில்தான் போய் உட்காருகிறது, ஆர்ஜினினைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் எதையும் நிரந்தரமாக ஒட்டவைப்பதில்லை. இது மீளக்கூடிய போட்டித் தடுப்பு. அரை ஆயுள் சுமார் 2 மணி நேரம். காலையில் முதலில் அது போய்விட்டால் குழாய் நிரம்பியிருக்கும். பின்னால் வரும் ஆஸ்பிரின் செரினை எட்ட முடியாது. இபுப்ரோஃபென் கழன்று வழி திறக்கும் நேரத்துக்குள் ஆஸ்பிரின் சாலிசிலேட்டாக மாறி முடிந்திருக்கும். சாலிசிலேட்டிடம் கொடுப்பதற்கு அசிடைல் இல்லை. ஆக, 8 நாள் நீடிக்க வேண்டிய தடை, சில மணி நேரத் தடைக்கு இடம் கொடுத்துவிட்டு மறைந்துபோகிறது.

2001-இல் கேட்டெல்லா-லாசன் குழுவினர் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இதைத்தான் நேரடியாகச் சோதித்துக் காட்டினார்கள். ஆஸ்பிரினுக்கு 2 மணி நேரம் முன்பு இபுப்ரோஃபென் கொடுத்தபோது தட்டணுமீதான விளைவு காணாமல் போனது. வரிசையை மாற்றி ஆஸ்பிரினை முதலில் கொடுத்து, நாளுக்கு ஒரே வேளை இபுப்ரோஃபென் கொடுத்தபோது விளைவு தப்பியது. மூன்று வேளை கொடுத்தபோதோ, ஆஸ்பிரினை முதலில் எடுத்தும் பயன் குறைந்தது. முந்தைய நாளின் கடைசி வேளை மறுநாள் காலைவரை கொஞ்சம் மிச்சமிருந்ததே அதற்குக் காரணம். பாரசிட்டமால் இப்படி இடையூறு செய்யவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-இல் சொன்ன அறிவுரை நம் சீட்டுக்கும் பொருந்தும்: எப்போதாவது ஒரு வேளை இபுப்ரோஃபென் தேவைப்பட்டால், உடனே கரையும் ஆஸ்பிரினுக்குப் பிறகு குறைந்தது 30 நிமிடம் கழித்து, அல்லது ஆஸ்பிரினுக்கு 8 மணி நேரத்துக்கும் முன்பாக. குடலில் கரையும் பூச்சுள்ள ஆஸ்பிரினுக்கு இந்த 30 நிமிடக் கணக்கு செல்லாது. அது எப்போது உறிஞ்சப்படும் என்று சொல்ல முடியாது. நம் நோயாளியைப்போல் மூன்று வேளை எடுப்பவருக்கு நேரம் மாற்றிக் கொடுப்பது தீர்வே அல்ல. வலிமருந்தை மாற்ற வேண்டும்.

இதைச் சோதித்து உறுதி செய்ய நினைப்பவர்கள் ஓர் இடத்தில் வழுக்குகிறார்கள். இபுப்ரோஃபென் எடுத்து இரண்டு மணி நேரத்தில் இரத்தம் எடுத்துத் தட்டணுத் திரட்சி பார்த்தால், "நன்றாகத் தடைபட்டிருக்கிறது" என்றே வரும். அது இபுப்ரோஃபெனின் வேலை. முந்தைய ஆஸ்பிரின் போட்டு 24 மணி நேரம் ஆன பிறகு, அன்றைய மாத்திரைகளுக்கு முன், இரத்தம் எடுக்க வேண்டும். உறைதடுப்பி சேர்க்காமல் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் உறையவிட்டு, சீரத்தில் த்ராம்பாக்ஸேன் பி2 அளப்பது நேரடியான வழி. உற்பத்தி 95 விழுக்காட்டுக்கு மேல் அடங்கியிருந்தால்தான் தட்டணுவின் செயல் உண்மையில் குறைகிறது. 80 விழுக்காடு அடங்கினால் 80 விழுக்காடு பாதுகாப்பு என்ற கணக்கு இங்கே கிடையாது.

ஆஸ்பிரினைத் தற்கொலைத் தடுப்பான் என்று எழுதும் கட்டுரைகள் எங்களுக்கு அடிக்கடி வருகின்றன. அது சரியல்ல. தற்கொலைத் தடுப்பில் மருந்து வந்து சேரும்போது வீரியமற்றதாக இருக்கும். நொதி தன் வழக்கமான வினையை அதன்மேல் செய்யும்போதுதான் அது தாக்கும் பொருளாக மாறி அந்த நொதியையே கெடுக்கும். கிளாவுலானிக் அமிலம் அப்படிப்பட்டது. பீட்டா லாக்டமேஸின் செரின் அதன் வளையத்தைத் திறக்கிறது. திறந்த துண்டு உருமாறி நொதியோடு பிணைந்துகொள்கிறது. ஒவ்வொரு முறையும் அது நடப்பதில்லை. டி.இ.எம். வகை நொதியின் ஒரு மூலக்கூறு கெடுவதற்கு முன் சுமார் 115 கிளாவுலானேட் மூலக்கூறுகளைச் சிதைத்துத் தள்ளிவிடுகிறது. அமாக்ஸிசிலினோடு போதிய கிளாவுலானேட் ஏன் சேர்க்க வேண்டும் என்பது இந்த எண்ணில் இருக்கிறது. ஆஸ்பிரினோ வரும்போதே அசிடைலைக் கொடுக்கத் தயாராக வருகிறது. காக்ஸ் அதை ஆக்சிஜனேற்றவில்லை, தன் வினை எதையும் அதன்மேல் செய்யவில்லை. எனவே அது மீளாத் தடுப்பான், அவ்வளவுதான். நான் எடுத்துக்கொண்ட மூன்று மருந்துகளில் எதுவும் தற்கொலைத் தடுப்பான் அல்ல.

கேப்டோப்ரிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பிரேசில் நாட்டு ஜராராக்கா பாம்பின் நஞ்சிலிருந்து கிடைத்த பெப்டைடுகளில் தொடங்கிய பாதையில், ஸ்குவிப் நிறுவனத்தின் குஷ்மனும் ஓண்டெட்டியும் உருவாக்கிய மருந்து அது. ஏ.சி.இ. நொதியின் நடுவிலுள்ள துத்தநாகத்தைத் தன் கந்தக முனையால் பிடிக்கிறது. முன்பு அந்த முனையில் கார்பாக்சில் இருந்தது. அதைக் கந்தகத்துக்கு மாற்றியதும் வீரியம் சுமார் ஆயிரம் மடங்கு கூடியது. ஆனாலும் பிடி கழன்றுவிடக்கூடியதே. நாளுக்கு இரண்டு மூன்று வேளை கொடுக்க வேண்டியிருப்பது அதனால்தான். மருந்து வேலை செய்யும்போது ரெனின் கூடி, ஆஞ்சியோடென்சின் 1 தேங்குகிறது. வேளைக்கும் வேளைக்கும் இடையில் மருந்தளவு இறங்க இறங்க, தேங்கிய தளப்பொருள் போட்டியில் மேலோங்குகிறது. ஒரு வேளை தவறினால் கேப்டோப்ரிலில் உடனே தெரியும். ஆஸ்பிரினில் அப்படித் தெரியாது. ஆய்வகத்தில் சீரத்தை நீர்த்து ஏ.சி.இ. அளப்பவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்: நீர்க்கும்போதே மருந்து கழன்று, உடலில் இருந்த தடையைவிடக் குறைவான தடை காட்டப்படும்.

மெத்தோட்ரெக்ஸேட் புத்தகப்படி போட்டித் தடுப்பான்தான். ஃபோலேட்டைப் போன்ற வடிவம். டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸின் தளத்தில் டைஹைட்ரோஃபோலேட்டோடு போட்டியிடுகிறது. (இந்தக் குடும்பத்தின் முன்னோடியான அமினாப்டெரின், 1948-இல் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தியது, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவின் தலைமையில் லெடர்லி ஆய்வகத்தில் உருவானது.) ஆனால் பிடி அவ்வளவு இறுக்கம் என்பதால் நடைமுறையில் மீளாதது போலவே நடந்துகொள்கிறது. அதோடு, செல்லுக்குள் போனதும் அதன்மேல் குளுட்டமேட் கண்ணிகள் கோக்கப்படுகின்றன. கண்ணி கோத்த மருந்து செல்லை விட்டு எளிதில் வெளியேறாது. குறைந்த அளவில் பிளாஸ்மா அரை ஆயுள் மணிக்கணக்கில்தான். ஆனால் சிவப்பணுவுக்குள் வாரக்கணக்கில் கிடக்கும். முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு முறை கொடுப்பது இதனால் இயல்கிறது. அதையே தினமும் விழுங்கிவிட்டவர் வாய்ப்புண்ணோடும் இரத்த அணுக்கள் சரிந்தும் வருவதும் இதனால்தான்.

அப்படி வருபவரின் பிளாஸ்மா மெத்தோட்ரெக்ஸேட் அளவு கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்கலாம். அதைப் பார்த்து மருந்து வெளியேறிவிட்டது என்று முடிவு கட்டிச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. தடை இருப்பது செல்லுக்குள். கொடுக்க வேண்டியது ஃபோலினிக் அமிலம். ஃபோலிக் அமிலம் அல்ல. ஃபோலிக் அமிலம் பயன்பட வேண்டுமானால் அதே தடைபட்ட நொதிதான் அதை ஒடுக்க வேண்டும். ஃபோலினிக் அமிலம் ஏற்கெனவே ஒடுக்கப்பட்ட வடிவம், தடையைத் தாண்டிக் கீழே போய்ச் சேருகிறது. புற்றுநோய்க்கான உயர் அளவுச் சிகிச்சையில் மெத்தோட்ரெக்ஸேட் வெளியேறத் தாமதமானால் ஃபோலினிக் அமிலத்தின் அளவையும் கூட்டுகிறோமே, அங்கே போட்டி செல்லுக்குள் ஏற்றிச்செல்லும் கடத்தியிடமும் நடக்கிறது. இரண்டும் ஒரே வாசல் வழியாக நுழைகின்றன.

ஆய்வுக் கட்டுரை அனுப்புவோருக்கு இங்கிருந்து எழும் ஒரு வேண்டுகோள். பாதித் தடைக்கான செறிவு ஒன்றை மட்டும் கொடுத்து இரு தடுப்பான்களை ஒப்பிட வேண்டாம். மீளாத் தடுப்பானில் அந்த எண், நொதியோடு எத்தனை நிமிடம் முன்கூட்டி வைத்தீர்கள் என்பதைப் பொறுத்துக் குறைந்துகொண்டே போகும். மெத்தோட்ரெக்ஸேட் போன்ற இறுக்கமான தடுப்பானில் அது குடுவையிலுள்ள நொதியின் செறிவில் பாதிக்குக் கீழே இறங்கவே இறங்காது. நீங்கள் அளந்தது மருந்தை அல்ல, நொதியின் அளவை. முன்வைப்பு நேரம், நொதியின் செறிவு, நூறு மடங்கு நீர்த்தபின் செயல் திரும்புகிறதா, திரும்பினால் எவ்வளவு நேரத்தில் என்ற நான்கும் முறைகள் பகுதியில் இல்லாத கட்டுரைகளை அடுத்த இதழிலிருந்து மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பும் முன்பே எழுதியவர்களிடம் திருப்பிக் கேட்போம்.