ஆய்வகக் கதவுக்கு இட ஒதுக்கீடு இல்லை

மத்திய கல்வி நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டு இட ஒதுக்கீட்டுச் சட்டம் மாணவர் சேர்க்கைக்குப் பொருந்தும். கோடை விடுமுறையில் ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் இரண்டு மாதம் வேலை பழகும் இடத்துக்கு அது பொருந்தாது. அந்த இடம் பெரும்பாலும் ஒரு மின்னஞ்சலில்தான் முடிவாகிறது. முன்பின் தெரியாத பேராசிரியருக்கு மாணவர் எழுதுகிறார். அவருக்குச் சரியென்று பட்டால் வரச் சொல்கிறார். அங்கே வாங்கிய பரிந்துரைக் கடிதம் பின்னாளில் பிஎச்.டி. நேர்காணலில் 'தகுதி' என்ற பெயரோடு வந்து உட்கார்கிறது.

இப்படி எழுதலாம் என்ற செய்தியே நம் பிள்ளைகளில் பலருக்கு எட்டுவதில்லை. பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு அது சாப்பாட்டு மேசையில் கிடைக்கிறது. சமூகவியலாளர் பியர் பூர்தியு இதைப் பண்பாட்டு மூலதனம் என்றார். எழுதும் முறையைச் சொல்லிக்கொடுப்பதும் அந்த மூலதனத்தைப் பங்கிடுவதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

அரசு கலைக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. வேதியியல் படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அவர் முதலில் எழுதும் கடிதம் இப்படி இருக்கும்: "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆய்வுகளால் மிகவும் கவரப்பட்டேன். நான் ஏழைக் குடும்பத்து மாணவி. தயவுசெய்து ஒரு வாய்ப்புத் தாருங்கள்." இதை ஐம்பது பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்புவார். எந்த ஆய்வு கவர்ந்தது என்று அதில் இல்லை. எனவே இது எல்லோருக்கும் போன கடிதம் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பதில் வராது.

அதே மாணவியிடம் சொல்வதற்கு வேறொன்று இருக்கிறது. கல்லூரி ஆய்வகத்தில் ஈ.டி.டி.ஏ. கரைசலைக் கொண்டு தண்ணீரின் கடினத்தன்மையைத் தரம்பார்க்கப் பழகியவர் அவர். கரைசல் ஒயின் சிவப்பிலிருந்து நீலமாக மாறும் இடத்தைக் கண்ணால் பிடிக்கத் தெரியும். தன் ஊரிலும் காலனியிலுமாக ஆறு ஆழ்குழாய்க் கிணறுகளில் தண்ணீர் எடுத்து, ஒவ்வொன்றையும் மும்முறை அளந்திருக்கிறார். காலனிக் கிணற்றில் லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் வந்தது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில்கூட இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்ச அளவு அதுதான். ஏன் அந்தக் கிணற்றில் மட்டும் இவ்வளவு என்பது அவருடைய கேள்வி.

இனி, நிலத்தடி நீர் வேதியியலில் வேலை செய்யும் பத்துப் பேரை அவர் பல்கலைக்கழக இணையதளங்களில் தேடிப் பட்டியலிட வேண்டும். ஒவ்வொருவரும் அண்மையில் எழுதிய ஒரு கட்டுரையின் சுருக்கத்தையும் முடிவுரையையுமாவது படிக்க வேண்டும். பிறகு தனித்தனியாக எழுத வேண்டும். தலைப்பில் படிப்பு, ஆண்டு, மே–ஜூன் பயிற்சி என்ற விவரம் போதும். முதல் பத்தியில் தான் யார், எந்தத் தேதிகளில் வர முடியும் என்பது. இரண்டாவதில் அந்தக் கட்டுரையில் தனக்கு எழுந்த ஒரு கேள்வியும் தான் செய்த அளவீடும். மூன்றாவதில் செய்யத் தெரிந்ததும் தெரியாததும். ஒரு பக்கத் தன்விவரமும் மதிப்பெண் பட்டியலும் இணைப்பாகப் போகட்டும். மொத்தம் 200 சொற்களைத் தாண்ட வேண்டாம்.

வறுமையைச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் "உதவித்தொகை உண்டா, விடுதியில் தங்க முடியுமா" என்று ஒரே வரியில் கேட்டுவிட வேண்டும். கேட்காமல் போய், அறை வாடகை கட்ட முடியாமல் பாதியில் திரும்புவதைவிட அது நல்லது.

மே மாத இடத்துக்கு ஜனவரியிலேயே எழுதுவது நல்லது. பத்து நாளில் பதில் இல்லையென்றால் அதே கடிதத்தின் தொடர்ச்சியாக இரண்டு வரி நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதலாம். பத்துக் கடிதத்துக்கு ஒரு பதில் வந்தாலே நல்லதுதான். பதில் வராததை வைத்துத் தன் திறமையை அளந்துகொள்ளத் தேவையில்லை. ஆய்வகத்தில் இடமோ பணமோ இல்லாததும் காரணமாக இருக்கலாம். இந்தியாவின் மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்துக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு ஆசிரியர் ஒருவரின் பரிந்துரை தேவை. அதை முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

நல்ல கடிதம் ஒரு பிள்ளையை உள்ளே சேர்க்கும். கதவு அப்படியேதான் இருக்கும். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஒவ்வொரு துறையும் இந்தக் கோடையில் எத்தனை இடம், எவ்வளவு உதவித்தொகை, கடைசித் தேதி எது, யாரைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அந்த இடங்களுக்கும் இட ஒதுக்கீடு வேண்டும். பேராசிரியரின் அஞ்சல்பெட்டிக்குள் நடக்கும் தேர்வை யாரும் கணக்குக் கேட்க முடியாது. பட்டியலாக வெளியே வந்தால் கேட்க முடியும்.