பதினொரு மாதம் என்றைக்கு முடிகிறது?

வன்னியம்பட்டியிலிருந்து ஒரு அம்மாள் எழுதியிருக்கிறார். அவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சிறு வீடு உண்டு, வாடகைக்கு விட்டிருக்கிறார். 2025 பிப்ரவரி முதல் வாரத்தில் அங்கே போய், "மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வரப் போகிறேன். டவுனில் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் பக்கம். ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது, வீட்டைக் கொடுத்துவிடுங்கள்" என்றாராம்.

குடியிருந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நாங்கள் ஜூனில்தானே குடிவந்தோம்? மே மாதம் வரை இருக்கிறதே! பையனுக்கு மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை அம்மா!" என்றாராம்.

இதில் யார் சொன்னது சரி? பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நீங்களும் என்னோடு விரலை மடக்குங்கள்.

முதல் ஒப்பந்தம் 1-6-2022-ல் தொடங்கியது. ஜூனை ஒன்று என்று எண்ணினால் பதினொன்றாவது மாதம் ஏப்ரல். ஆகவே அது முடிந்தது 30-4-2023, மே அல்ல. இரண்டாவது ஒப்பந்தம் 1-5-2023-ல் தொடங்கி 31-3-2024-ல் முடிந்தது. மூன்றாவது 1-4-2024-ல் தொடங்கியது. அதன் கடைசி நாள் 28-2-2025!

பார்த்தீர்களா? வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம், ஒப்பந்தத்துக்குப் பதினொன்றுதான். புதுப்பிக்கும்போதெல்லாம் முடிவுத் தேதி ஒரு மாதம் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். போன தடவை ஞாபகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகத்தான் போகும். அந்த அம்மாளே பிப்ரவரியில் பத்திரத்தைப் பிரித்த பிறகுதான் தேதியைக் கவனித்தாராம்.

பதினொரு மாத வழக்கம் எப்படி வந்தது? ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்கத்தான் இந்தப் பதினொன்று. ஆனால் தமிழ்நாட்டில் 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் 22-2-2019 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி பதினொரு மாத ஒப்பந்தத்தையும் எழுத்தில் செய்து, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்.

சரி, புதுப்பிக்க எப்போது கேட்பது? இதற்குச் சட்டம் நாள் கணக்குச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் எழுதிய கெடுவுக்குள், குடியிருப்பவர் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் இசைந்தால் புது ஒப்பந்தம் என்கிறது. இவர்கள் பத்திரத்தில் "ஒரு மாதம் முன்னதாக" என்று இருந்தது. அப்படியானால் ஜனவரி 28-க்குள் கடிதம் வீட்டுக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பொங்கல் முடிந்த கையோடு எழுதியிருந்தால் சங்கடமே இல்லை. குடியிருப்பவரும் எழுதவில்லை; வீடு வேண்டும் என்று அம்மாளும் அதற்குள் சொல்லவில்லை.

அதற்காக மார்ச் முதல் தேதி சாமான்களை எடுத்து வெளியே வைத்துவிட முடியுமா? முடியாது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல், குடியிருப்பவரும் காலி செய்யாமல் இருந்தால், பழைய ஷரத்துகளின்படியே மாதா மாதம், அதிகபட்சம் ஆறு மாதம் வரை நீடிப்பதாக அதே சட்டம் கொள்கிறது. ஆனால் குடியிருப்பவர் இதையே இன்னொரு பதினொரு மாதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்த இரு குடும்பமும் நிதானமாக உட்கார்ந்து பேசினார்களாம். பரீட்சை முடிந்து ஏப்ரல் 30-ல் காலி செய்வது, அதுவரை அதே வாடகை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். மகளும் மே மாதம் வந்து சேர்ந்தாளாம்.

அடுத்த ஒப்பந்தத்தை எப்படி எழுதுவது என்று அம்மாள் கேட்கிறார். "பதினொரு மாதம்" என்று மட்டும் எழுதாதீர்கள். "இந்த நாளிலிருந்து" என்று எழுதினால் அந்த நாளையே கணக்கில் சேர்க்காமல் விடும் விதி 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 110-வது பிரிவில் இருக்கிறது. ஒரு நாளுக்காக எதற்குத் தகராறு? தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டையும் எழுதுங்கள். மூன்றாவதாக, புதுப்பிக்கக் கேட்க வேண்டிய கடைசித் தேதியையும் எழுதுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீடானால் ஒரு மாதம் போதாது. இரண்டு மாதம் வையுங்கள். வேறு வீடு பார்க்க அவகாசம் வேண்டாமா?

கடிதத்தை நேரில் கொடுத்தால் நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் கிடைத்ததற்கு அத்தாட்சி வரும்படி அனுப்புங்கள். நீங்கள் அனுப்பிய நாளைவிட அவர் கையில் கிடைத்த நாள்தான் முக்கியம்.

பிறகு அந்த மூன்றாவது தேதியைச் சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். பத்திரம் பீரோவுக்குள் தூங்கலாம்; அந்தத் தேதி தூங்கக் கூடாது!