ஒரு கோரிக்கை, இரண்டு எண்கள்

காக்கநாட்டில் இன்போபார்க் வளாகத்தின் உணவகம் ஒன்றில் மதியம் ஒரு மணி. ஊழியர் ஒருவர் செயலியில் சாப்பாட்டுக்குப் பதிவு செய்து, யூபிஐ வழியாக 70 ரூபாய் செலுத்துகிறார். பணம் எடுக்கப்பட்டதாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. டோக்கன் மட்டும் வரவில்லை. கல்லாவில் இருப்பவர் தம் திரையைக் காட்டி, பணம் சேரவில்லை என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. அந்த எழுபது ரூபாய் எந்த இடத்தில் வழி தவறியது என்பதே கேள்வி.

இஃது எந்த நிறுவனத்திலும் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவதன்று. விளக்கத்திற்காக அமைக்கப்பட்ட மாதிரி. ஆயினும் பல சேவைகளாகப் பிரித்து எழுதப்பட்ட மென்பொருளில் வேலை செய்தவர்களுக்கு இது பழகிய முகமாகவே தோன்றும். வாயில் சேவை, ஆர்டர் சேவை, கட்டணச் சேவை, டோக்கன் சேவை என நான்கு நிரல்கள் வெவ்வேறு கணினிகளில் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் தன் லாக்கைத் தனித்தனியே எழுதுகிறது. உச்சி வேளையில் நூற்றுக்கணக்கான கோரிக்கைகள் பின்னிக் கிடக்கும் அந்த வரிகளில், ஒரே ஒருவருடைய கோரிக்கையைப் பிரித்தெடுக்க வேண்டும்.

நேரத்தைக் கொண்டு பொருத்திப் பார்க்கலாமே என்று தோன்றும். பொருந்தாது. கணினிகளின் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று சில மில்லிநொடிகளேனும் விலகியே ஓடும். அந்த விலகலுக்குள் பல கோரிக்கைகள் நுழைந்து வெளியேறிவிடும். 1978இல் லெஸ்லி லாம்போர்ட் எழுதிய கட்டுரை நம் பாடத்திட்டங்களில் இடம்பெறுவது இதனால்தான்: பரவிக் கிடக்கும் அமைப்பில் எது முன், எது பின் என்பதைச் சுவர்க் கடிகாரம் சொல்லாது. மாணவர்கள் அந்த ஏரணத்தைத் தேர்வில் சரியாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் இறுதியாண்டுத் திட்டப்பணியில் நான்கு சேவைகளை எழுதும்போது, லாக்கில் நேரத்தையும் ஒரு வாக்கியத்தையும் மட்டுமே பதிக்கிறார்கள்.

தீர்வு எளிமையானதாகத் தெரியும். கோரிக்கை வாயிலுக்குள் நுழையும்போதே அதற்கு ஓர் அடையாள எண் தரப்படுகிறது. அதன் பெயர் கோரிலேஷன் ஐடி. ஒவ்வொரு சேவையும் அடுத்த சேவையை அழைக்கும்போது அந்த எண்ணைத் தலைப்பில் வைத்து அனுப்பும். தான் எழுதும் ஒவ்வொரு லாக் வரியிலும் அதைப் பதிக்கும். நம் உணவக மாதிரியில் அந்த எண்ணைத் தேடினால் கிடைப்பது இது:

```
$ grep -h cid=9f3c21ab *.log | sort
13:07:41.212 gateway cid=9f3c21ab POST /orders
13:07:41.298 order   cid=9f3c21ab order=5518 created
13:07:41.340 payment cid=9f3c21ab order=5518 txn=K1 sent
13:07:44.341 payment cid=9f3c21ab order=5518 timeout, retry
13:07:44.352 payment cid=9f3c21ab order=5518 txn=K2 sent
```

இத்துடன் தடம் நின்றுவிடுகிறது. பணம் வெற்றியாகச் சேர்ந்ததாகவோ டோக்கன் அச்சானதாகவோ ஒரு வரியும் இல்லை. இவ்விடத்தில்தான் பெரும்பாலோர் கட்டணச் சேவை செத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். அது தவறான முடிவு. எண் நின்றுபோனதற்குக் கோரிக்கை நின்றுபோனது என்று பொருளில்லை. எண்ணைச் சுமக்காத ஒருவர் கைக்குக் கோரிக்கை மாறியது என்றும் பொருள் கொள்ளலாம்.

மாறியது வங்கிப் பக்கத்துக்கு. வாடிக்கையாளர் தம் இரகசிய எண்ணை உள்ளிட்டு, பணம் நகர்ந்து, அந்தச் செய்தி திரும்பி வரும்போது அது ஒரு புதிய அழைப்பாகவே வாயிலில் நுழைகிறது. வெளியாருக்கு நம் `cid` தெரியாது. ஆகையால் வாயில் அதற்குப் புதிய எண் ஒன்றைத் தருகிறது. இரு கரைகளிலும் பொதுவாக இருப்பது `txn` மட்டுமே. ஆகவே இரண்டாவது தேடல் அதன்மீது அமைய வேண்டும்:

```
$ grep -h txn=K1 *.log | sort
13:07:41.340 payment cid=9f3c21ab order=5518 txn=K1 sent
13:07:52.870 gateway cid=b07744d0 callback txn=K1 SUCCESS
13:07:52.891 token   cid=b07744d0 txn=K1 order not found
```

இப்போது கதை முழுமையாகிறது. கட்டணச் சேவை மூன்று நொடி காத்திருந்து, பதில் வராததால் மறுமுறை முயன்றது. மறுமுறை முயலும்போது பழைய எண்ணை வைத்துக்கொள்ளாமல் K2 என்ற புதிய எண்ணை உருவாக்கி, அட்டவணையில் K1 இருந்த இடத்தில் எழுதிவிட்டது. வாடிக்கையாளர் பணம் செலுத்தியதோ K1க்கு. வெற்றிச் செய்தி வந்தபோது K1க்கு உரிய ஆர்டர் எது என்று சொல்ல அட்டவணையில் எதுவும் இல்லை. பிழை வெடித்த இடம் டோக்கன் சேவை. பிறந்த இடம் எட்டரை நொடிக்கு முன் கட்டணச் சேவையின் மறுமுயற்சி. மறுமுயற்சியில் அதே `txn` எண்ணைப் பயன்படுத்துவதே திருத்தம். அல்லது ஓர் ஆர்டருக்கு நேர்ந்த முயற்சிகள் அனைத்தையும் அட்டவணை வைத்திருக்க வேண்டும்.

வாடிக்கையாளர் நிலையையும் கவனிக்க வேண்டும். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கணக்கில் பணம் எடுக்கப்பட்டும் வணிகரிடத்தில் உறுதிச் செய்தி கிடைக்காவிடில், ஐந்து நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆனால் இங்கே உறுதிச் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. வங்கிகளின் ஏடுகளில் எல்லாம் சரியாகவே இருக்கும். தானாகத் திரும்புவதற்கான காரணமே எழாது. அந்த எழுபது ரூபாய் திரும்புமா என்பது, யாரேனும் அந்த இரண்டாவது தேடலைச் செய்வாரா என்பதைப் பொறுத்தது.

ஒரே எண் போதும் என்ற நம்பிக்கையே இத்துறையில் பரவியுள்ள பெரும் பிழை. தமிழ்நாட்டு அரசு அலுவலகக் கடிதம் எதையும் எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். மேலே ந.க.எண் இருக்கும், அது கோப்பு முழுவதற்கும் உரியது. கீழே 'பார்வை' என்ற தலைப்பில், இக்கடிதம் எந்தக் கடிதத்திற்குப் பதில் என்பது எண்ணோடும் நாளோடும் குறிக்கப்பட்டிருக்கும். முதலாவது இல்லையேல் கோப்பைத் தேட முடியாது. இரண்டாவது இல்லையேல் கோப்புக்குள் எந்தத் தாள் எதைத் தொடர்ந்தது என்று தெரியாது.

யூபிஐ இதே பிரிவினையைத் தன் செய்தி வடிவத்திலேயே வைத்திருக்கிறது. ஒரு பரிவர்த்தனையில் செலுத்துபவர் பக்கச் செயலி, என்பிசிஐ, பணம் எடுக்கும் வங்கி, பணம் சேரும் வங்கி என்று பலர் கைமாற்றிக்கொள்கிறார்கள். `Txn` பகுதியின் `id` தொடக்கம் முதல் முடிவு வரை மாறாது. `msgId` என்பதோ ஒவ்வொரு செய்திக்கும் புதிது. பதில் செய்தி, தான் எந்தச் செய்திக்குப் பதில் என்பதை `reqMsgId` என்ற இடத்தில் சொல்கிறது. வாடிக்கையாளர் கையில் தரப்படுவது இவையெதுவுமன்று. அது 12 இலக்கக் குறிப்பெண். நீண்ட எண்ணைத் தொலைபேசியில் படித்துச் சொல்ல மனிதரால் ஆகாது என்பதை உணர்ந்த ஏற்பாடு அது.

எண்ணின் வடிவமும் ஒப்பந்தத்தின் பகுதியே. 2025 பிப்ரவரி 1 முதல், எழுத்தும் எண்ணும் தவிர வேறு குறிகள் கலந்த பரிவர்த்தனை எண்களை நிராகரிப்பதாக என்பிசிஐ அறிவித்தது. கெடுபிடி என்று முணுமுணுத்தோர் உண்டு. ஆனால் ஒருவர் கோடிட்டு அனுப்பி, இன்னொருவர் கோட்டை நீக்கிப் பதிந்தால், முன்பு பார்த்த `grep` பாதியைத் தவறவிடும். தவறவிட்டது என்பதே தேடுபவருக்குத் தெரியாது.

ஒரு நிறுவனத்தின் எல்லைக்குள்ளேயே எண் தொலையும் இடங்களும் உண்டு. ஜாவா நிரல்களில் லாக் வரியில் தானாகப் பதியும்படி எண்ணை வைக்கும் இடம் எம்டிசி எனப்படுகிறது. அது இழையோடு கட்டுண்டது. வேலை வேறோர் இழைக்கு ஒப்படைக்கப்பட்டால் எண் கூடப் போகாது. அதைவிடக் கேடு, அந்த இழை முன்பு செய்த வேலையின் எண்ணைத் துடைக்காமல் வைத்திருப்பது. அப்போது ஒருவருடைய தோல்வி இன்னொருவருடைய எண்ணில் பதிவாகும். எண்ணே இல்லாத வரி ஐயத்தை எழுப்பும். தவறான எண்ணுள்ள வரியோ நம்பவைத்து ஏமாற்றும். ஒரே `cid`யின் கீழ் இரு வேறு `order` எண்கள் தென்பட்டால் இதைச் சந்தேகிக்கலாம்.

தடமறியும் கருவிகளை வாங்கிவிட்டால் இத்தனையும் தீர்ந்துவிடும் என்ற வாதம் பாதி மட்டுமே உண்மை. கூகுள் 2010இல் வெளியிட்ட டாப்பர் கட்டுரையைப் படிப்போர், அதன் தொடக்க அமைப்பு 1024 கோரிக்கைகளுக்கு ஒன்றை மட்டுமே பதிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தச் சேவை மெதுவாக இருக்கிறது என்று அறிய அது போதும். வரிசையில் நிற்கும் இந்த ஒருவருக்கு என்ன நேர்ந்தது என்று அறியப் போதாது. அவர் ஏறக்குறைய எப்போதும் விடுபட்ட 1023 பேரில் ஒருவராகவே இருப்பார். விரிவான தடத்தை மாதிரியெடுத்து வைக்கலாம். எண் தாங்கிய எளிய லாக் வரிகளை மாதிரியெடுக்கலாகாது. பணம் தொடும் சேவைகளில் ஒன்றுகூட விடுபடக் கூடாது.

பல்கலைக்கழக ஆய்வகங்களில் இதைச் செய்து பார்க்கப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. மேற்கண்ட நான்கு சேவைகளையும் மாணவர்களே எழுதட்டும். கட்டணப் பதிலை நான்கு நொடி தாமதப்படுத்தும் ஒரு வரியை ஆசிரியர் சொல்லாமல் சேர்த்துவிட்டு, லாக்குகளை மட்டும் குழுக்களிடம் தரட்டும். `cid`யை மட்டும் தேடுகிற குழு, கட்டணச் சேவை நின்றுபோனதாக அறிக்கை எழுதும். பிழைச் செய்தியை மட்டும் தேடுகிற குழு, டோக்கன் சேவையைக் குற்றம் சாட்டும். இரண்டு எண்களும் ஒரே வரியில் நிற்கும் 13:07:41.340ஐக் கண்டுகொள்ளும் குழுவே மறுமுயற்சி நிரலைத் திறந்து பார்க்கும்.