விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதும் கடிதங்கள்

ஒரு தொழிலாளி மீது புகார் எழுகிறது. மறுநாள் காலை வாயிலில் நிறுத்தப்பட்டு, அவர் கையில் ஒரு கடிதம் கொடுக்கப்படுகிறது. “நீங்கள் கிடங்கிலிருந்து பொருளை அபகரித்த கடும் ஒழுங்கீனம் காரணமாக, விசாரணை முடியும் வரை பணியிடை நீக்கம் செய்யப்படுகிறீர்கள்” என்கிறது அது. இந்த ஒரே வாக்கியத்தில் குற்றம் முடிவாகிவிடுகிறது. எஞ்சியிருப்பது சடங்கு மட்டுமே.

பணியிடை நீக்கத்தை எல்லா இடத்திலும் எதிர்ப்பது தொழிற்சங்கத்தின் வேலையன்று. ஆவணங்கள் அழிக்கப்படலாம், சாட்சிகள் மிரட்டப்படலாம் என்ற நிலையில், புகாருக்குள்ளானவரைச் சில காலம் விலக்கி வைப்பது நியாயமாகும். பாலியல் துன்புறுத்தல் புகார் செய்த பெண்ணுக்கு அது பாதுகாப்பும்கூட. ஆனால் விலக்கி வைப்பது தண்டனை அல்ல என்று சட்டம் சொல்லுமானால், கடிதத்தின் சொற்களும் அதனுடன் வரும் ஊதியமும் அதையே சொல்ல வேண்டும்.

முதலில் சொற்கள். “நீங்கள் அபகரித்த” என்பதற்கு மாறாக, “இன்ன நாளில் இன்ன பொருள் குறைந்தது தொடர்பாக உங்கள் மீது வந்துள்ள புகார்” என்று இருக்க வேண்டும். “இந்நடவடிக்கை தண்டனை அல்ல, புகாரின் உண்மை குறித்து நிர்வாகம் எந்த முடிவுக்கும் வரவில்லை” என்ற வரி அடுத்து வர வேண்டும். எந்த நிலையாணையின் கீழ் இந்த ஆணை பிறப்பிக்கப்படுகிறது, எந்த நாளிலிருந்து, எப்போது மறுபரிசீலனை செய்யப்படும் என்பவையும் தேவை. சாட்சிகளைத் தொடர்பு கொள்ளக் கூடாதென்று நிபந்தனை விதித்தால், சங்க நிர்வாகிகளைச் சந்திக்க அது தடையல்ல என்றும் தெளிவாக எழுதப்பட வேண்டும். கடிதத்தின் நகல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுமானால், உள்ளே எழுதிய நடுநிலைச் சொற்கள் அனைத்தும் வீணாகும்.

அடுத்து ஊதியம். ஒப்பந்தத்திலோ, சட்டத்திலோ, விதியிலோ அதிகாரம் இல்லாமல் ஒருவரை வேலையிலிருந்து விலக்கி வைக்கும் முதலாளி முழு ஊதியத்தையும் தர வேண்டும் என்பதே பொதுவான சட்டநிலை. புதுதில்லி இம்பீரியல் ஹோட்டல் தொழிலாளர் வழக்கில், 1959இல் உச்சநீதிமன்றம் இதை எடுத்துரைத்தது. நிலையாணைகள் பொருந்தும் நிறுவனங்களில் முதல் 90 நாட்களுக்குப் பாதி ஊதியமும், தாமதத்திற்குத் தொழிலாளி காரணமில்லை என்றால் அதன்பின் முக்கால் ஊதியமும் பிழைப்பூதியமாகத் தரப்பட வேண்டும். 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த இந்த ஏற்பாடு, தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. விசாரணை சாதாரணமாக 90 நாட்களில் முடிய வேண்டும் என்றும் அத்தொகுப்பு கூறுகிறது. ஆனால் நிலையாணைகளுக்கான வரம்பை 300 தொழிலாளர்களாக அது உயர்த்தியதால், சிறு நிறுவனங்களின் தொழிலாளர்கள் இந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறார்கள். அங்கெல்லாம் கடிதத்தில் எழுதப்படுவதே ஏறக்குறைய எல்லாம்.

மாதம் 24,000 ரூபாய் பெறும் ஒருவரின் விசாரணை ஐந்து மாதம் நீடிப்பதாகக் கொள்வோம். முதல் மூன்று மாதங்களில் 36,000, அடுத்த இரண்டு மாதங்களில் 36,000, ஆக 72,000 ரூபாய் கிடைக்கும். முழு ஊதியம் 1,20,000. குற்றம் நிரூபிக்கப்படாவிட்டால் மீதி 48,000 ரூபாய் திருப்பித் தரப்படும், அக்காலம் பணிக்காலமாகக் கருதப்படும் என்ற உறுதி கடிதத்தில் இல்லையெனில், குற்றமற்றவர் 48,000 ரூபாய் அபராதம் கட்டியவராகிறார். ‘தண்டனை அல்ல’ என்ற வரி அங்கே பொய்யாகிவிடுகிறது.

பாதி ஊதியமும் வராதபோது என்ன ஆகும்? கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்கத்தின் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் 1985இல் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். பிழைப்பூதியம் தரப்படவில்லை. கேரளத்திலிருந்த அவரால் பணமின்றி விசாரணைக்கு வர இயலவில்லை. அவர் இல்லாமலே விசாரணை முடிந்து, 1986இல் வேலை பறிக்கப்பட்டது. அதே குற்றச்சாட்டில் நீதிமன்றம் 1987இல் அவரை விடுதலை செய்தது. 1999இல்தான் உச்சநீதிமன்றம் அவருக்கு வேலையை மீட்டுத் தந்தது. பிழைப்பூதியம் மறுக்கப்பட்டதால் அவர் தம்மைத் தற்காத்துக் கொள்ளும் வாய்ப்பையே இழந்தார் என்பது அத்தீர்ப்பின் முக்கியக் காரணங்களுள் ஒன்று. நியாயம் கிடைக்கப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

ஆகவே கடிதம் கைக்கு வந்த அன்றே தோழர்கள் செயல்பட வேண்டும். கடிதத்தைப் பெற்றதற்கு மட்டும் கையெழுத்திட வேண்டும். புகாரை ஒப்புக்கொள்ளும் எதிலும் கையெழுத்திடலாகாது. முன்முடிவான சொற்களைச் சுட்டிக்காட்டி, திருத்திய ஆணை கோரி எழுத்து மூலம் பதில் தர வேண்டும். பிழைப்பூதியம் ஒரு மாதம் தவறினாலும், அதனால் விசாரணைக்கு வர இயலாத நிலையை உடனே பதிவு செய்ய வேண்டும். அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சில், விசாரணைக் காலத்திற்கு முழு ஊதியம் என்ற கோரிக்கையைச் சங்கங்கள் முன்வைக்க வேண்டும். குற்றம் நிரூபிக்கப்படாதவர் என்று நிர்வாகம் எழுதுமானால், அவருக்குரிய ஊதியத்தையும் அவ்வாறே தரட்டும்.