நாலு மாதமும் பத்து நாளும்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வாசித்தபின் ஏசுவதென்றாலும் பரவாயில்லை.

எங்கள் பக்கத்தில் போன வருடம் ஒரு மாத இடைவெளியில் இரண்டு மௌத். ஒன்றில் மனைவி போனார், மற்றதில் கணவர். இரண்டு வீட்டிலும் ஒரு மகன், ஒரு மகள். நாலு பிள்ளைகளும் எங்களிடம் படிக்கிற பிள்ளைகள் என்பதால் இரண்டு வீட்டுக்கும் போய் வந்தேன். ஆட்களை அடையாளம் காட்டக் கூடாது என்பதற்காகச் சில விபரங்களை மாற்றி எழுதுகிறேன். தேட வேண்டாம்.

மனைவியை இழந்தவருக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். நாற்பதாம் நாள் கத்தம் முடிந்து சாப்பாட்டுச் சகனை எடுக்கும்போதே கதை தொடங்கிவிட்டது. "பாவம், ஆம்பிளை மனிசன், ரெண்டு பிள்ளையோட என்ன செய்வார்?" அவருடைய ராத்தா அடுத்த வாரமே பள்ளிக்கூடத்துக்கு எனக்கு அழைப்பு எடுத்தார். "ரீச்சர், உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல குமர் இருந்தா சொல்லுங்கோ." ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் கேட்கத்தான் கதைத்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. இரண்டு பேர் பெயரும் சொன்னார்கள். ஐந்தாம் மாதம் நிக்காஹ். பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது, முதல் கலியாணம், சீதனம் கொடுக்க வழியில்லாத வீடு. நானும் போய்ச் சாப்பிட்டேன்.

கணவரை இழந்தவவுக்கு வயது முப்பத்து மூன்று. இத்தா முடிந்து ஆறு மாதமாகிறது. ஒருநாள் கொஞ்சம் நிறமான அபாயா போட்டுக்கொண்டு பெற்றோர் கூட்டத்துக்கு வந்தா. அன்று பின்னேரமே எனக்கு ஒரு குரல் பதிவு வந்தது: "அவவுக்கு என்ன, மாப்பிள்ளை பாக்கினமாமா?" அதில் இருந்த சிரிப்பைத்தான் நான் இன்னும் மறக்கவில்லை.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியும். ஆனாலும் ஒருமுறை வரிசையாக வைத்துப் பார்ப்போம். கணவர் இறந்த பெண்ணுக்கு இத்தா நாலு மாதமும் பத்து நாளும். கர்ப்பிணி என்றால் பிள்ளை பிறக்கும் வரை. இந்தக் கணக்கைச் சொல்கிற சூரத்துல் பகராவின் 234ஆவது வசனம் அத்தோடு நிற்கவில்லை. தவணை முடிந்தபின் அவர்கள் தம் விஷயத்தில் நல்ல முறையில் எடுக்கும் முடிவுக்கு உங்கள் மீது குற்றமில்லை என்கிறது. கவனியுங்கள், "உங்கள் மீது" என்று பேசப்படுவது ஊரோடு. அடுத்த வசனம் இன்னும் ஒரு படி போகிறது. இத்தாவில் இருக்கும்போதே அவளை மணக்க நினைப்பவர் அதைச் சாடையாக உணர்த்துவதில் தவறில்லை, வெளிப்படையாகப் பேசி முடிப்பதுதான் கூடாது என்கிறது. அப்படியென்றால் அவள் மறுபடி மணப்பாள் என்பதை எதிர்பார்த்தே அந்த வசனம் இருக்கிறது. சூரத்துன் நூரில் துணையில்லாதவர்களுக்குக் கலியாணம் செய்துவையுங்கள் என்று வரும் இடத்திலும் ஒரே சொல்தான். அது ஆணையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும்.

கதீஜா நாயகி விதவை என்பதை எல்லா மீலாத் மேடையிலும் சொல்கிறோம். உம்மு ஸலமா நாயகியின் கதையை அவ்வளவாகச் சொல்வதில்லை. கணவர் உஹதில் பட்ட காயத்தால் மௌத். கையில் பிள்ளைகள். இத்தா முடிந்ததும் நபிகளாரிடமிருந்து பேச்சு வந்தபோது அவரே மூன்று தடை சொன்னார்: நான் ரோசக்காரி, வயதும் போய்விட்டது, பிள்ளைகளும் இருக்கிறார்கள். இன்றைக்கு நம் விதவைகளிடம் ஊர் சொல்கிற அதே தடைகளில் இரண்டு. மூன்றுக்கும் பதில் கிடைத்தது, நிக்காஹ் நடந்தது.

ஆகவே நாலு மாதம் பத்து நாளை ஆயுள் முழுக்க நீட்டியது மார்க்கம் அல்ல. பிறகு எது என்று கேட்டால், ஊரார் இரண்டு காரணம் சொல்வார்கள்: சொத்து, பிள்ளைகள். நான் கணிதம் படிப்பிக்கிறவள். முதலில் சொத்துக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

யாழ்ப்பாணத்தில் வீடு யாருடையது? நம்மிடமும் சரி, தமிழ் அயலவரிடமும் சரி, பெரும்பாலும் பெண்ணுடையது. உம்மா வாப்பா சீதனமாக எழுதிக்கொடுத்த உறுதி. 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது பைக்குள் அந்த உறுதியை வைத்துக்கொண்டு போனவர்களும் உண்டு, வைக்க முடியாமல் போனவர்களும் உண்டு. அது வேறு கதை.

இப்போது முதல் வீட்டை எடுப்போம். வீடு மௌத்தான மனைவியின் பெயரில். அவவின் உம்மா வாப்பா ஏற்கெனவே மௌத். வீட்டின் பெறுமதி ஒரு பேச்சுக்கு 80 இலட்சம் என்று வைப்போம். பிள்ளைகள் இருப்பதால் கணவருக்கு நாலில் ஒன்று, 20 இலட்சம். மிச்சம் 60இல் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு: 40, 20. அதாவது அந்த வீட்டில் முக்கால்வாசி பிள்ளைகளுடையது. அந்த வீட்டுக்குள்தான் புது மனைவி வந்திருக்கிறா. வந்தவவில் பிழையில்லை, அவவுக்கு யாரும் இதைச் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். ஆனால் "உம்மாவின் வீட்டில் பிள்ளைகளின் பங்கை எழுதி வைத்தீர்களா" என்று ஒருவராவது அவரிடம் கேட்டார்களா? நிக்காஹ் மேடையில் இருந்த பெரியவர்கள் யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது வீடு. வீடு அவவுடைய சீதனம். கணவர் மௌத்தானதால் அதில் ஒரு செங்கல்லும் மாறவில்லை. கணவர் விட்டுப்போனது ஒரு கடை, 24 இலட்சம் என்போம். அவருடைய பெற்றோர் உயிரோடு இல்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 இலட்சம். மிச்சம் 21இல் மகனுக்கு 14, மகளுக்கு 7. பங்கு மௌத்தோடு முடிவானது. அவ நாளைக்கு மறுமணம் செய்தாலும் அந்த எட்டில் ஒன்று திரும்பிப் போகாது. பிள்ளைகளின் பங்கும் புதுக் கணவருக்குப் போகாது. ஆனால் கணவரின் சகோதரி சொல்லித் திரிவது என்ன? "கட்டினா கடையில ஒரு சதமும் இல்லை." இதை நம்பி வாயடைத்துப்போன பெண்கள் நம்மிடையே எத்தனை பேர்!

ஆக, மறுமணத்தால் பிள்ளைகளின் சொத்து உண்மையில் சிக்கலாவது முதல் வீட்டில். பயம் காட்டப்படுவது இரண்டாவது வீட்டில்.

இதை இந்த மண்ணின் பழைய ஆட்கள் விளங்கியிருந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். தேசவழமை நமக்குப் பொருந்தாது, அது யாழ்ப்பாணத் தமிழர்களின் சட்டம். 1707இல் ஒல்லாந்து அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரண்டு முதலியார்கள் பார்த்துச் சரி என்றது. அதில் மனைவியை இழந்த தகப்பன் மறுமணம் செய்ய விரும்பினால் பிள்ளைகளைத் தாயின் பெற்றோரோ நெருங்கிய உறவினரோ வளர்க்க எடுத்துக்கொள்வது வழக்கம் என்று இருக்கிறது. அப்போது மனைவி கொண்டுவந்த சொத்து முழுவதையும், சேர்ந்து தேடிய தேட்டத்தில் பாதியையும் அவர் பிள்ளைகளோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். கணவனை இழந்தவள் மறுமணம் செய்வதற்கும் அதில் விதி உண்டு. விதி இருந்தது என்றால் நடந்தது என்றுதானே அர்த்தம்? முந்நூறு வருடத்துக்கு முன்பு ஊர் கணக்குக் கேட்டது ஆணிடமும்தான்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. உம்மா அந்நிய ஆணை மணந்தால் பிள்ளையை வைத்து வளர்க்கும் முதல் உரிமை அவவிடமிருந்து நீங்கும் என்பது ஷாஃபி மத்ஹபின் சட்டம். இதைத்தான் மாமி வீட்டார் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் அடுத்த வரியையும் வாசிக்க வேண்டும்: அந்த உரிமை அடுத்துப் போவது உம்மாவின் உம்மாவுக்கு. நம் வீடுகளில் உம்மம்மா அதே வளவுக்குள் அல்லது அடுத்த ஒழுங்கையில்தான் இருப்பார். அதோடு, இலங்கையில் பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கு காதியிடம் போவதில்லை. மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போகும். அங்கே முதலில் பார்ப்பது பிள்ளையின் நலன். "பிள்ளையைப் பறிச்சுப்போடுவம்" என்பது சொல்வதற்கு லேசு, செய்வதற்கு அவ்வளவு லேசில்லை.

விதவைக்கு வரன் வருவதே இல்லை என்று நினைக்காதீர்கள். வரும். பெரும்பாலும் இரவில், தொலைபேசியில், ஏற்கெனவே மனைவி உள்ள ஒருவரிடமிருந்து. "விஷயம் வெளியில தெரிய வேண்டாம், நாலு பேரை வைச்சு நிக்காஹ் முடிப்பம்." இதற்குச் சுன்னத் என்று பெயர் வேறு. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி, மனைவி இருக்கும்போது இன்னொரு கலியாணம் செய்பவர் குறைந்தது 30 நாள் முன்னதாகக் காதிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். வந்தவரிடம் அதைக் கொடுத்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள், அழைப்பு நின்றுவிடும். பதியாத நிக்காஹும் நம் சட்டத்தில் செல்லுபடியாகும் என்பதுதான் இங்கே பொறி. நாளைக்கு அவர் மறுத்தாலோ மௌத்தானாலோ மனைவி என்று காட்ட அவவின் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது. பதிவு இல்லை என்றால் பேச்சும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

நேரான வரன் வந்தால் அடுத்த தடை வலி. வாப்பா மௌத் என்றால் பெரும்பாலும் சகோதரன். "எங்கட மானம் போகும்" என்று அவன் கையை விரித்தால் அதோடு முடிந்தது என்று நினைக்கிறோம். முடியவில்லை. நியாயமான காரணம் இல்லாமல் வலி மறுத்தால், அதே சட்டத்தின் 47ஆவது பிரிவின் கீழ் காதியிடம் மனுக் கொடுக்கலாம். விசாரித்து, அந்த வலி இல்லாமலே நிக்காஹ் நடத்த அவர் அனுமதிக்கலாம். சகோதரனைப் பகைக்கச் சொல்லவில்லை. அப்படி ஒரு கதவு இருக்கிறது என்று தெரிந்தாலே பல சகோதரர்கள் இருந்து பேசுவார்கள்.

எல்லா விதவையும் மறுமணம் செய்ய வேண்டும் என்று நான் எழுதவில்லை. வேண்டாம் என்று மனதார இருப்பவர்கள் இருக்கிறார்கள், என் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் 2010இல் அப்போதைய பிரதியமைச்சர் ஹிஸ்புல்லா வடக்கிலும் கிழக்கிலும் யுத்தத்தால் விதவையானவர்கள் 89,000 பேர் என்றார். அதில் 40,000 பேர் வடக்கில். இத்தனை பேரும் தானாக விரும்பித்தான் தனியே இருந்தார்கள் என்றால் என்னால் நம்ப முடியவில்லை. அவர்களில் எத்தனை பேரிடம் யாராவது கேட்டிருப்பார்கள்?

போன வெள்ளிக்கிழமை அந்த இரண்டாவது வீட்டு உம்மம்மா பள்ளிக்கூட வாசலுக்கு வந்திருந்தார். பேரப்பிள்ளையைக் கூட்டிப்போக என்று நினைத்தேன். பிள்ளைகள் எல்லாம் போனபிறகும் நின்றார். கிட்ட வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, "ரீச்சர், மகளுக்கு உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல மனிசர் ஆரும்…" என்று பாதியில் நிறுத்தினார். வாசலில் எங்கள் இருவரையும் தவிர ஒருவரும் இல்லை. மகளுக்குச் சம்மதமா என்று கேட்டேன். தலையாட்டினார். வயது, பிள்ளைகளின் வகுப்பு, வீட்டு விபரம் எல்லாம் என் கொப்பியில் குறித்துக்கொண்டேன். திங்கட்கிழமை ஆசிரியர் அறையில், அன்று கதைத்த அதே சத்தத்தில், அதே ஆட்களிடம் கேட்டேன். இந்த முறை யாரும் பெயர் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.

முதல் கேள்வியே அறிவித்தல், பதிவு இரண்டையும் பற்றித்தான் இருக்கும்.